ஒக்டோபர் 31 வரை செலவு, நவம்பர் 1 முதல் சொத்து

கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும். பெண்கள் வரிசையாகக் கூடையை மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை கிலோவைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போடுவார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இது நடக்கும். மாலையில் அந்தக் கொப்பி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். இந்த வேலையைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவர ஹட்டனில் ஒரு சிறு மென்பொருள் குழு முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. தொகைகளும் நான் போட்டவைதான். ஆனால் கணக்கு விதிகள் உண்மையானவை. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வேலை தொடங்கினால் கணக்குப் புத்தகத்தில் எழும் கேள்வியும் உண்மையானது.

கேள்வி இதுதான். 2025 மார்ச் 31இல் முடியும் நிதியாண்டில் இந்தக் குழு 129 இலட்சம் ரூபா செலவழித்தது. அதில் எவ்வளவு அந்த வருடத்து இலாபத்தைக் குறைக்க வேண்டும்? எவ்வளவு சொத்தாக அடுத்த வருடங்களுக்குப் போக வேண்டும்?

இலங்கையில் இதற்கு விடை சொல்லும் நியமம் எல்.கே.ஏ.எஸ். 38. தொட்டுணர முடியாத சொத்துகள் பற்றியது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் சர்வதேச நியமத்தைத் தழுவி வெளியிட்டது, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் தானே உருவாக்கும் மென்பொருளின் வேலையை அது இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. ஆராய்ச்சிக் கட்டத்தில் போகும் பணம் போன வருடத்திலேயே செலவு. விருத்திக் கட்டத்தில் போகும் பணம், ஆறு நிபந்தனைகள் நிறைவேறினால், நிறைவேறிய நாளிலிருந்து சொத்து. எந்தப் பணம் எந்தக் கட்டம் என்று பிரிக்கவே முடியவில்லை என்றால் முழுவதும் ஆராய்ச்சிதான் என்று நியமம் நேரடியாகச் சொல்லிவிடுகிறது.

மலையகத்தில் தோட்டக் கணக்கு எழுதியவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. ஒரு மலையில் பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது, நிலம் திருத்தியதிலிருந்து செடி கொழுந்து பறிக்கும் நிலைக்கு வரும்வரை ஆகும் செலவு 'முதிராத் தோட்டம்' என்ற தலைப்பில் சொத்தாக ஏறும். முதிர்ந்த பிறகு பெறுமானத்தேய்வு போடுவார்கள். ஆனால் எந்த இனச் செடி இந்த மேட்டுக்குச் சரிவரும் என்று தெரியாமல் நாற்றுத் தவறணையில் நாலைந்து வகையை வைத்துப் பார்த்த செலவை யாரும் மலையின் பெறுமதியில் சேர்ப்பதில்லை. தேயிலைச் செடிக்கு உள்ள நியமம் வேறு. அது எல்.கே.ஏ.எஸ். 16இன் கீழ் வருகிறது. நட்ட செடி வளரும் என்பதில் பெரிதாகச் சந்தேகமில்லை. மென்பொருள் பாதி வழியில் செத்துப்போகலாம். அதனால்தான் 38இல் ஆறு பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நம் குழுவின் வேலையை மாதம் மாதமாகப் பார்ப்போம்.

2024 ஏப்ரல் முதல் ஜூலை வரை மூன்று பேர் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். எந்தத் தராசு பாவிக்கிறார்கள், கழிவை எப்படிப் போடுகிறார்கள், எந்த மடுவத்தில் சிக்னல் கிடைக்காது என்று குறித்தார்கள். தராசின் எண்ணைப் போனுக்குக் கொண்டுவர இரண்டு வழிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, பழைய வட்டத் தராசின் முள்ளைப் போன் கேமராவால் படிப்பது. மற்றது, மின்னணுத் தராசிலிருந்து புளூடூத் மூலம் எடுப்பது. கேமரா வழி மாலை மூடுபனியிலும் மடுவத்தின் மங்கல் வெளிச்சத்திலும் முள்ளைத் தவறாகப் படித்தது. ஜூலைக் கடைசியில் அதைக் கைவிட்டார்கள். மாதம் 6 இலட்சம், நாலு மாதம், 24 இலட்சம்.

இதில் விவாதத்துக்கு இடமில்லை. மாற்று வழிகளைத் தேடுவதும் அவற்றில் ஒன்றைத் தெரிவதும் ஆராய்ச்சி என்று நியமமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. புளூடூத் வழி வென்றதே, அதற்குச் சென்ற பாதிப் பணத்தையாவது சொத்தில் போடலாமா என்று கேட்பார்கள். முடியாது. அந்த நாலு மாதத்தில் எந்த வழி வெல்லும் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் வென்றது என்பதால் முன்னால் இருந்த நிச்சயமின்மை இல்லாமல் போகாது.

ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனில் மாதிரிச் செயலியை ஓட்டினார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் சேமித்து, அலுவலகத்துக்கு வந்ததும் அனுப்பும் பகுதிதான் கடினமானது. இரண்டு வாரம் கணக்கப்பிள்ளையின் கொப்பியோடு ஒப்பிட்டார்கள். கடைசி வாரத்தில் எண்கள் ஒத்துவந்தன. செப்டெம்பர் 27 அன்று தொழில்நுட்ப அறிக்கை எழுதினார்கள். மாதம் 9 இலட்சம், இரண்டு மாதம், 18 இலட்சம்.

அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் இதுதான். மாதிரியை உருவாக்கிச் சோதிப்பது விருத்தி வேலை. அதையும் நியமமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அப்படியானால் இந்த 18 இலட்சம் சொத்துதானே? இல்லை. விருத்திக் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்பது வேறு. ஆறு நிபந்தனையும் நிறைவேறிவிட்டன என்பது வேறு. சொத்தாக்குவதற்கு இரண்டாவதுதான் வேண்டும். விருத்தி வேலையாகவே இருந்தாலும், நிபந்தனைகள் நிறைவேறும்வரை போகும் பணம் செலவுதான். இந்த இடைவெளியைக் காணாமல் 'மாதிரி தொடங்கிய நாள் முதல் சொத்து' என்று எழுதிய கணக்குகள் கணக்காய்வில் திரும்பி வரும்.

அந்த ஆறையும் நம் குழுவின் மீது வைத்துப் பார்க்கலாம். முதலாவது, மென்பொருளைப் பாவனைக்கு அல்லது விற்பனைக்குத் தயாராகும்வரை முடிக்கத் தொழில்நுட்ப ரீதியாக இயலுமா? செப்டெம்பர் 27 அறிக்கை இதற்கு விடை. இரண்டாவது, முடிக்கும் எண்ணம் நிர்வாகத்துக்கு உண்டா? பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்கும்வரை இது வெறும் வாய்ப்பேச்சு. மூன்றாவது, அதைப் பாவிக்க அல்லது விற்க முடியுமா? தோட்டங்களில் பொருத்தமான மின்னணுத் தராசு இல்லாவிட்டால் செயலி இருந்தும் பயனில்லை. ஆகவே ஒப்புதல் கடிதத்தில் தராசு வாங்குவதாகத் தோட்டமும் சம்மதிக்க வேண்டியிருந்தது.

நாலாவதுதான் பெரும்பாலும் சறுக்கும் இடம். இதிலிருந்து வருமானம் எப்படி வரும் என்று காட்ட வேண்டும். 'தோட்டங்கள் நிறைய இருக்கின்றன, எல்லோருக்கும் தேவை' என்பது காட்டுதல் ஆகாது. நம் குழுவிடம் ஒக்டோபர் முற்பகுதியில் இரண்டு தோட்டங்களும் 18ஆம் தேதி மூன்றாவது தோட்டமும் கையெழுத்திட்ட கடிதங்கள் இருந்தன. ஆண்டுச் சந்தா ஒவ்வொன்றும் 18 இலட்சம். கையெழுத்துக் கட்டாயம் என்று நியமம் சொல்லவில்லை. ஆனால் சந்தை இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிதான சான்று கிடையாது. சொந்தப் பாவனைக்கான மென்பொருள் என்றால் சந்தை வேண்டியதில்லை, அதனால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்று காட்டினால் போதும்.

ஐந்தாவது, முடிக்கத் தேவையான ஆளும் பணமும். மிச்ச வேலைக்கு 1 கோடி 20 இலட்சம் தேவை என்று மதிப்பிட்டார்கள். அந்தத் தொகையைத் தருவதாகக் கொழும்பிலுள்ள தாய் நிறுவனத்தின் கடிதம் ஒக்டோபர் கடைசி வாரத்தில் வந்தது. ஆறாவது, இந்த வேலைக்கு ஆகும் செலவை நம்பகமாக அளக்க முடிய வேண்டும். யார் எத்தனை மணித்தியாலம் இதற்குச் செலவழித்தார் என்ற நேரப் பதிவு அதற்கு அடிப்படை.

பணிப்பாளர் சபை ஒக்டோபர் 31 அன்று கூடியது. அறிக்கை, மூன்று கடிதங்கள், நிதிக் கடிதம் எல்லாவற்றையும் முன்வைத்து, முடித்து விற்பது என்று தீர்மானித்தது. ஆறில் கடைசியாக நிறைவேறியது அந்தத் தீர்மானம். ஐந்து நிபந்தனைகள் எவ்வளவு முன்னதாக நிறைவேறியிருந்தாலும் மிச்சமுள்ள ஒன்று நிறைவேறும் நாள்தான் கோடு. ஆகவே நவம்பர் 1 முதல் ஆன செலவே சொத்துக்குத் தகுதி. ஒக்டோபர் மாதத்து 12 இலட்சமும் செலவுப் பக்கத்துக்கே போனது.

சரி, நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் 15 இலட்சமாக 75 இலட்சம் போனது. அது முழுவதும் சொத்தா? அதுவும் இல்லை. சொத்தை உருவாக்க நேரடியாக ஆன செலவே அதன் கிரயம். நிரலாளர்களின் சம்பளம், அவர்களுக்கான ஈ.பி.எப்., ஈ.ரி.எப். பங்களிப்பு, சோதனைக்கு வாங்கிய தராசுகளின் தேய்வு, காப்புரிமையைப் பதியக் கட்டணம் இருந்தால் அதுவும் சேரும். விற்பனைக்காகத் தோட்டங்களுக்குப் போய்வந்தது, பதாகை அடித்தது சேராது. இங்கே அது 5 இலட்சம். கணக்கப்பிள்ளைமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் பயிற்சி கொடுத்தது சேராது. அது 4 இலட்சம். அலுவலகத்தின் பொது நிர்வாகச் செலவில் பங்கிட்டுப் போட்ட 3 இலட்சமும் சேராது.

நாலாவது கழிவைச் சொல்லும்போது பலர் முகம் சுளிப்பார்கள். ஜனவரியில் தரவை அனுப்பும் பகுதியை ஒரு வடிவத்தில் எழுதினார்கள். இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒரே கூடை இரண்டு தடவை பதிவானது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு முழுவதும் மறுபடி எழுதினார்கள். முதல் தடவை எழுதியதற்கு 6 இலட்சம் போயிருந்தது. சொத்து திட்டமிட்ட செயற்பாட்டை அடையுமுன் அடையாளம் காணப்பட்ட வீண்செலவும் கிரயத்தில் சேராது என்கிறது நியமம். வழக்கமான பிழைதிருத்தத்தையெல்லாம் இப்படிப் பிரித்தெடுக்கத் தேவையில்லை. எந்த நிரலும் நாலு தடவை திருத்தித்தான் ஓடும், அது உருவாக்கத்தின் பகுதி. ஆனால் ஒரு பகுதி முழுவதும் தூக்கிப்போடப்பட்டு, இன்ன வாரங்கள் வீண் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது அதைச் சொத்தில் வைத்திருப்பது தவறு.

மொத்தம் 18 இலட்சம் கழிகிறது. 75இலிருந்து 18 போக 57 இலட்சம் சொத்து. வருடத்துக் கணக்கு இப்படி முடிகிறது: செலவு 24, 18, 12, 18, ஆக 72 இலட்சம். சொத்து 57 இலட்சம். கூட்டினால் 129.

இனி மார்ச் மாதத்தில் நடக்கும் பேச்சு. எந்த நிறுவனத்திலும் அது நடக்கும். 'ஓகஸ்டிலேயே மாதிரி ஓடியது, தோட்டக்காரர்களும் வாயால் சரி சொல்லிவிட்டார்கள். கோட்டை ஓகஸ்ட் 1க்கு நகர்த்தினால் என்ன?' நகர்த்தினால் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையான 30 இலட்சமும் சொத்துக்குப் போய், வருடத்து இலாபம் அதே அளவு கூடும். வங்கிக் கடனுக்கும் ஊக்கக் கொடுப்பனவுக்கும் அந்த 30 இலட்சம் பெரிய தொகை. ஆனால் ஆறு நிபந்தனையும் ஓகஸ்டில் இருந்தன என்று காட்டுவதற்கு எந்தத் தாளும் இல்லை. இன்னொரு தடையும் உண்டு. ஒருமுறை செலவாக எழுதப்பட்ட தொகையைப் பின்னொரு நாளில் சொத்தின் கிரயமாகத் திருப்பி எடுக்கக் கூடாது. நியமம் இதைத் தனிப் பந்தியாகவே வைத்திருக்கிறது. தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருப்பதால் செப்டெம்பர் காலாண்டுக் கணக்கு ஏற்கெனவே வெளியாகியிருக்கும். அதில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதப் பணம் செலவாகப் போய்விட்டது.

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த நாளைப் பற்றித்தான். விதியின் சொற்களை எவரும் படித்துவிடலாம். நாளைக் காட்டும் தாள்கள் அந்த நாளிலேயே இருக்க வேண்டும். பணிப்பாளர் சபைக் குறிப்பேட்டில் 'மென்பொருள் வேலையைத் தொடர ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. ஆறில் ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று முன்வைக்கப்பட்டது, மிச்ச வேலைக்கு எவ்வளவு தேவை, அது எங்கிருந்து வருகிறது என்று அந்தக் குறிப்பிலேயே இருக்க வேண்டும். ஐந்து மாதம் கழித்து எழுதப்படும் குறிப்பைக் கணக்காய்வாளர் நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

சில வருடங்களுக்கு முன் நான் கணக்கு எழுதிய ஓரிடத்தில் இது நடந்தது. மூன்று நிரலாளர்கள், இரண்டு மென்பொருள்கள். ஒன்று வாடிக்கையாளருக்கு, மற்றது சொந்தத் தயாரிப்பு. யாரும் நேரம் பதியவில்லை. வருட இறுதியில் 'பாதிக்குப் பாதி' என்று பிரித்துச் சொத்தில் போட்டோம். கணக்காய்வாளர் வந்து, அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சொந்தத் தயாரிப்பு நல்ல தயாரிப்பு, விற்றும் கொண்டிருந்தது. ஆறாவது நிபந்தனை ஒன்றினாலேயே முழுத்தொகையும் செலவுக்குப் போனது. அன்று எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தப் பாதியை நானே என் மனதிலிருந்து எழுதினேன்.

நேரப் பதிவு சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு, கணக்காய்வாளர்கள் இப்போது அதைக் கேட்கிறார்கள். நிரல் எழுதுபவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்ற பதிவேட்டில் சேமிப்பார்கள். நம் குழுவின் ஐந்து மாதப் பதிவை இந்த ஒரு கட்டளை எடுத்துத் தரும்:

```
git log --since="2024-11-01 00:00" --until="2025-03-31 23:59" \
  --date=short --format="%ad  %an  %s"
```

ஒவ்வொரு வரியிலும் திகதி, எழுதியவர் பெயர், என்ன மாற்றம் என்ற குறிப்பு வரும். பிப்ரவரி முழுவதும் ஒருவர் இந்தச் செயலிக்கே வேலைசெய்தார் என்று நேரத்தாள் சொல்லி, இந்தப் பதிவில் அவர் பெயரே இல்லையென்றால் கேள்வி எழும். அவர் வடிவமைப்பு செய்திருக்கலாம், சோதனை செய்திருக்கலாம். ஆகவே இது முடிவான சாட்சி அல்ல. எத்தனை மணித்தியாலம் என்றும் இது சொல்லாது. ஆனால் ஜனவரியில் தூக்கிப்போட்ட பகுதி எந்தத் திகதியில் எழுதப்பட்டு எந்தத் திகதியில் அழிக்கப்பட்டது என்பது இதில் அப்படியே கிடக்கும். 6 இலட்சம் என்ற எண்ணை அதையும் நேரத்தாளையும் வைத்துத்தான் நியாயப்படுத்த முடியும்.

57 இலட்சத்தைச் சொத்தில் எழுதியதும் வேலை முடியவில்லை. மார்ச் 31 அன்று மென்பொருள் இன்னும் பாவனைக்குத் தயாராகவில்லை. ஆகவே தேய்வு போடுவதில்லை. அதற்குப் பதிலாக, தயாராகாத இப்படியான சொத்து ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒரு தடவை கட்டாயமாகப் பெறுமதி இழப்புக்குச் சோதிக்க வேண்டும். அறிகுறி தெரிகிறதோ இல்லையோ சோதிக்க வேண்டும். இதைச் சொல்வது எல்.கே.ஏ.எஸ். 36. நடுவில் நிற்கும் மென்பொருளுக்குச் சந்தை விலை கிடைக்காது. அதனால் அது கொண்டுவரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி.

மூன்று தோட்டங்களின் சந்தா வருடம் 54 இலட்சம். சேவையை நடத்த 10 இலட்சம் போக 44 இலட்சம். ஜூலையிலிருந்து நாலு வருடம் கிடைக்கும் என்று வைத்து, 15 சதவீத வீதத்தில் 2025 மார்ச் 31இன் மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 121 இலட்சம். இன்னும் முடிக்க ஆகப்போகும் 45 இலட்சத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். இதைக் கழிக்க மறப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த 45ஐயும் அதே வீதத்தில் மார்ச் 31இன் மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 44 இலட்சம், அதைக் கழித்தால் சுமார் 77 இலட்சம். புத்தகத்தில் உள்ள 57ஐவிட அதிகம். ஆகவே இழப்பு இல்லை.

ஆனால் அதே கணக்கை இரண்டு தோட்டங்களுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். வருடம் 36 இலட்சம், செலவு அதே 10, மிச்சம் 26. இன்றைய மதிப்பு சுமார் 72 இலட்சம், முடிக்கும் செலவு போக 27½ இலட்சம். ஒரே ஒரு தோட்டம் மார்ச்சுக்கு முன் விலகியிருந்தால், 57 இலட்சச் சொத்தில் 29½ இலட்சத்தை அந்த வருடத்திலேயே இழப்பாக எழுத வேண்டியிருக்கும். சொத்தாக்குவது செலவை ஒளித்துவைப்பதல்ல என்பது இந்த இடத்தில் நன்றாகத் தெரியும். வருமானம் வராது என்று ஆனதும் அந்தப் பணம் திரும்பி வந்து இலாபத்தைத் தின்னும். சந்தா மறுபடி கிடைத்து மதிப்பு கூடினால் இந்த இழப்பைத் திருப்பி எழுத வழியுண்டு. ஒக்டோபர் 31க்கு முன்னான செலவுக்கு அந்த வழி கிடையாது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 13 இலட்சமாக இன்னும் 39 இலட்சம் சேர்ந்தது. பயிற்சி போன்ற சேராத செலவு 6 இலட்சம் தனியே போனது. 2025 ஜூலை 1 அன்று மென்பொருள் மூன்று தோட்டங்களிலும் ஓடக்கூடிய நிலைக்கு வந்தது. 57உம் 39உம் 96 இலட்சம். நாலு வருட ஆயுள் என்றால் மாதம் 2 இலட்சம் தேய்வு. 2026 மார்ச்சுக்கு ஒன்பது மாதம், 18 இலட்சம். தேய்வு தொடங்குவது தயாரான நாளில்தான். முதல் சந்தா வந்த நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு தோட்டம் செப்டெம்பரில்தான் பாவிக்கத் தொடங்கினது என்று தேய்வைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜூலைக்குப் பிறகும் அதே நிரலாளர்கள் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்கள். இங்கேதான் இரண்டாவது தடவை கோடு போட வேண்டும். போன் மென்பொருளின் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றுவது, பிழை திருத்துவது, சம்பள விதி மாறியதற்கேற்பக் கணிப்பை மாற்றுவது எல்லாம் இருப்பதைக் காப்பாற்றும் வேலை, செலவுதான். சிறுதோட்ட உரிமையாளர்கள் லொறிக்குக் கொழுந்து கொடுக்கும்போது நிறுக்கும் தனிப் பகுதி ஒன்றை உருவாக்கினால் அது புதிய வேலை. அதற்கு ஆறு நிபந்தனையையும் முதலிலிருந்து கேட்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேலையைப் பிரித்துக்கொள்ளும் குழுக்களில் ஒரே வாரத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கும். ஒவ்வொரு வேலைச் சீட்டிலும் 'பராமரிப்பு', 'புதியது' என்று அன்றே குறிக்காவிட்டால், பிரிக்க முடியாதது ஆராய்ச்சி என்ற அதே கதிதான்.

இதுவரை சொன்னது முழு நியமங்களைப் பின்பற்றும் நிறுவனத்துக்கு. நம் எடுத்துக்காட்டில் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருப்பதால் குழுவும் அந்த வழியில் கணக்கு வைக்கிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கண்டியிலோ தனியாக இயங்கும் சிறு நிறுவனம், சிறிய நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். நியமத்தைப் பின்பற்றினால் இந்தப் பிரிப்பே இல்லை. ஆராய்ச்சியும் விருத்தியும் முழுவதும் அந்தந்த வருடச் செலவு. அதே 129 இலட்சமும் ஒரே வருடத்தில் இலாபத்திலிருந்து போகும். அப்படியான நிறுவனத்தின் கணக்கைப் பார்த்து, நட்டத்தில் ஓடுகிறது என்று முடிவெடுக்குமுன், எந்த நியமத்தில் எழுதப்பட்டது என்று குறிப்புகளின் முதல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வரிக்கும் இது விடையல்ல. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்குத் தனி விதிகள் இருக்கின்றன. இலாபத்தைக் கணக்கிலும் வரியிலும் வேறு வேறாகக் கணிப்பதால் பிற்போட்ட வரி என்ற ஒரு கணக்குப் பதிவு வேறு சேரும்.

தோட்டக் கம்பனிகளின் பக்கத்திலிருந்தும் அடிக்கடி ஒரு கேள்வி வரும். 'நாங்கள் இந்தச் செயலியை வாங்கி, எங்கள் செக்றோலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஒரு தொகை கொடுத்தோம். அது எங்கள் சொத்தா?' நம் குழுவின் செயலி குழுவின் சர்வரில் ஓடுகிறது. தோட்டம் சந்தா கட்டிப் பாவிக்கிறது, மென்பொருள் தோட்டத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. இப்படியான மேகச் சேவையை அமைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் கொடுக்கும் பணம் பொதுவாகச் சொத்து ஆகாது என்று சர்வதேச நியமங்களுக்கு விளக்கம் தரும் குழு 2021இல் முடிவு சொன்னது. தோட்டத்துக்குச் சொந்தமான, வேறிடத்திலும் ஓடக்கூடிய தனி நிரல் எழுதப்பட்டிருந்தால் அது வேறு விடயம். ஒரே பணம் குழுவின் பக்கத்தில் வருமானம், தோட்டத்தின் பக்கத்தில் செலவு. சொத்து இருக்குமானால் குழுவிடம்தான் இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் இரண்டு இடங்களைத் தேடுங்கள். தொட்டுணர முடியாத சொத்துகள் பற்றிய குறிப்பில், தயாராகாத மென்பொருள் என்று தனி வரி இருக்கும். நம் குழு 2025 மார்ச்சில் அங்கே 57 இலட்சம் காட்டும். இன்னோர் இடத்தில், அந்த வருடம் ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் செலவாக எழுதிய மொத்தத்தை வெளிப்படுத்த வேண்டும். பொது நிர்வாகம், விற்பனை போன்றவை அதில் வரவேண்டியதில்லை என்பதால் அங்கே 72ஐவிடக் குறைந்த எண் இருக்கலாம். முதல் எண் வருடாவருடம் வளர்ந்து, இரண்டாவது கிட்டத்தட்ட பூச்சியமாகவே இருந்தால், அந்த நிறுவனத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரையான வேலை எங்கே போனது என்று கேளுங்கள்.